எட்டுக் கேள்விக்கு ஒன்பது பதில்

"உங்க சித்தி அந்த ஆபீஸ்ல என்னதான் வேலை பாக்குறாங்க?" என்று எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருநாள் கேட்டார். நான் பள்ளிச் சான்றிதழ்களை நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். "கம்ப்யூட்டர்ல ஏதோ திருத்துவாங்க," என்றேன். "டீச்சரா?" என்றார். "இல்ல." "டைப்பிஸ்டா?" "அதுவும் இல்ல." அவர் சிரித்துக்கொண்டே மீதிச் சில்லறையைக் கொடுத்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. இன்று அதே கேள்வியை யாராவது கேட்டால், சித்திக்கு நடந்த இந்த ஒரு நாளைச் சொல்வேன்.

சித்தி வேலை பார்ப்பது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். இரண்டாவது மாடியில், படிக்கட்டை ஒட்டிய ஓர் அறை. இரண்டு மேஜை, ஒரு பழைய ஏசி, சுவரோரம் ஃபைல் அடுக்கிய இரும்பு அலமாரி. அங்கே இருக்கும் விஞ்ஞானிகள் எழுதுவதை எல்லாம் படித்துப் பிழை திருத்திக் கொடுப்பது அவள் வேலை. கட்டுரை, கடிதம், நிதி கேட்கும் விண்ணப்பம் என்று எது வேண்டுமானாலும் வரும். ஆனால் அவளுக்குத் தலைவலி கொடுப்பது வேறொன்று. அதுதான் மதிப்பீட்டு அறிக்கை.

அது என்னவென்று சித்தி எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். ஒருவர் ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார். இதழின் ஆசிரியர் அதை அப்படியே அச்சுக்கு அனுப்புவதில்லை. அதே துறையில் இருக்கும் இன்னும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து, இது சரியா என்று கேட்கிறார். அவர்கள் படித்துவிட்டு, இங்கே இது குறைகிறது, அங்கே அது புரியவில்லை என்று ஒன்று, இரண்டு, மூன்று எனக் கருத்து எழுதி அனுப்ப வேண்டும். கட்டுரை எழுதியவர் அந்த எண் வரிசைப்படியே பதில் எழுதிக் கட்டுரையைத் திருத்தி மறுபடி அனுப்புவார். யார் மதிப்பிட்டார் என்று பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. முகம் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் அந்த எண்கள் மட்டும்தான் பாலம்.

ஆபீசில் சித்திக்கு 'நம்பர் அக்கா' என்று பெயர். எண் விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். அதற்குக் காரணம் உண்டு. இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு அவள் ஓர் அச்சகத்தில் தேர்வு வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு கணக்குத் தாளில் பதினேழு என்ற எண் இரண்டு முறை வந்துவிட்டது. அவள் கண்ணில் படவில்லை. தேர்வு எழுதிய பிள்ளைகள் சிலர் இரண்டையும் பதினேழு என்றார்கள், சிலர் பதினேழு, பதினெட்டு என்றார்கள், விடைத்தாள் திருத்தியவர்கள் திணறிப்போனார்கள். கடைசியில் எல்லாருக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்து விஷயத்தை முடித்தார்கள். யாரும் சித்தியைத் திட்டக்கூட இல்லை. "திட்டியிருந்தா மறந்திருப்பேன்," என்பாள்.

அந்த நிலையத்தில் ஒரு மூத்த விஞ்ஞானி. அவரைப் புழு சார் என்று வைத்துக்கொள்வோம். மண்ணில் வாழும் புழுக்களைப் பற்றி ஆராய்கிறவர் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையில் எதை ஆராய்கிறார் என்று சித்தி எனக்குச் சொல்லவே இல்லை. "அது ரகசியம். புழுன்னே எழுதிக்கோ," என்று சொல்லிவிட்டாள். ஆகவே இதில் வரும் புழுவும் மண்ணும் நான் போட்டவை. எண்கள் மட்டும் அவள் சொன்னவை.

புழு சாருக்கு முப்பது வருட அனுபவம். கோபமோ மூக்கு நுனியில். அவர் எழுதும் அறிக்கைகள் எப்படி இருக்கும் தெரியுமா? "படங்கள் மோசம்." "பின்னணி போதாது." "பல இடங்களில் தவறு." "இவர்களுக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது." இவ்வளவுதான். முதலில் ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்கும் எண்கள் நடுவில் அ, ஆ என்று மாறும், பிறகு வெறும் கோடாகிவிடும், கடைசியில் "மேலும்" என்று ஒரு பத்தி தொங்கும். போன வருடம் ஓர் இதழ் அவருடைய அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. இதை அப்படியே எழுதியவர்களுக்கு அனுப்ப முடியாது, மரியாதையாகவும் குறிப்பாகவும் எழுதித் தாருங்கள் என்று ஒரு கடிதமும் கூட வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் சித்தியிடம் வர ஆரம்பித்தார்.

முதல் நாளே சித்தி கேட்டாள். "சார், இதை நான் படிக்கலாம்னு எடிட்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு? கமா போடுறதுக்குப் பெர்மிஷனா?"

"அனுப்பின பேப்பர் ரகசியம் சார். அதப் பத்தின ரிப்போர்ட்டும் ரகசியம்தான். கேட்டுட்டா நல்லது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கேட்டார். பதில் வந்தது. அறிக்கையின் மொழியை மட்டும் ஒருவர் பார்க்கலாம், கட்டுரையையோ எழுதியவர்களின் பதிலையோ காட்டக்கூடாது என்று. சித்தியின் பாடு திண்டாட்டமானது அங்கேதான். கட்டுரையைப் பார்க்காமல் "படங்கள் மோசம்" என்பதை எப்படிக் குறிப்பாக மாற்றுவது? எந்தப் படம், என்ன மோசம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். ஓரத்தில் கேள்வி கேள்வியாகப் போட்டு அனுப்புவாள். 'எந்தப் பக்கம், எந்த வரி?' 'தெளிவாக இல்லை என்றால், எழுத்தா, அளவா, கோடா?' 'இதைச் சரிசெய்ய அவர்கள் என்ன செய்ய வேண்டும்?' ஒருமுறை பதினான்கு கேள்வி அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது: "ஆமாம்."

அன்று வீட்டுக்கு வந்து சித்தி செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று வாசலுக்கு வெளியே போய் விழுந்தது.

"எந்தப் படம்னு கேட்டா ஆமாங்கிறாரு!"

லிஃப்ட் மெக்கானிக்கான சித்தப்பா செருப்பை எடுத்து வந்து வைத்தார். "எந்த மாடின்னு கேட்டா லிஃப்ட் வேலை செய்யலன்னுதான் எங்ககிட்டயும் சொல்லுவாங்க. நீ ஒண்ணும் தனி ஆள் இல்ல."

நான் சொல்லப்போகும் நாளுக்கு மூன்று மாதம் முன்னால் ஒரு புழுக் கட்டுரைக்கு அவர் எழுதிய முதல் அறிக்கையும் அப்படித்தான் வந்தது. சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு நாள் துரத்தித் துரத்திக் கேட்டு அதை ஒழுங்குபடுத்தினாள். "படங்கள் மோசம்" என்பது, "படம் 2: செங்குத்து அச்சில் அளவின் அலகு குறிப்பிடப்படவில்லை, சேர்க்க வேண்டுகிறேன்" என்றானது. "இவர்களுக்கு மண் எடுக்கவே தெரியவில்லை" என்பது, "பக்கம் 6, வரி 112 முதல் 118 வரை: மண் எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது என்று கட்டுரையில் சொல்லப்படவில்லை" என்றானது. ஆளைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது, கட்டுரையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது அவள் கட்டளை. கருத்தை மட்டும் அவள் தொடமாட்டாள். அது அவருடையது. மொத்தம் எட்டுக் கருத்துகள். ஒன்று முதல் எட்டு வரை எண்களைத் தன் கையாலேயே தட்டச்சு செய்தாள். கணினி தானாகப் போடும் எண்களை அவள் நம்புவதில்லை. இதழின் இணையப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குள் ஒட்டும்போது அந்த எண்கள் சில நேரம் மாயமாய் மறைந்துவிடும், இல்லாவிட்டால் எல்லாமே ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஆகிவிடும். கையால் போட்ட எண் எங்கும் போகாது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை பத்து மணிக்குப் புழு சாரிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. அதே கட்டுரையை எழுதியவர்கள் திருத்தி, பதிலும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்து இவர் எழுதிய இரண்டாவது அறிக்கை. "இன்று மாலை ஐந்துக்குள் போக வேண்டும். என் அறிக்கைக்காக மட்டும்தான் காத்திருக்கிறார்கள். மொழி மட்டும் பார்த்தால் போதும்" என்று ஒரு குறிப்பும் இருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியிருந்தார். சித்தியின் மேஜையில் அன்று வேறு ஐந்து கோப்புகள் காத்திருந்தன. அவள் இதைத் திறக்கும்போதே மணி ஒன்று.

முதல் வரியிலேயே, "இந்தக் கட்டுரையை நிராகரிக்க வேண்டும்" என்று இருந்தது. சித்தி பெருமூச்சு விட்டாள். முடிவை எழுதியவர்களுக்கான பகுதியில் எழுதாதீர்கள், அதை எடுப்பது இதழாசிரியர், உங்கள் பரிந்துரையை அவருக்கான தனிப்பெட்டியில்தான் சொல்ல வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள்! அதை வெட்டி ஓரத்தில் வைத்துவிட்டுக் கீழே போனாள்.

"எனது கருத்து 4 படத்தின் அலகைப் பற்றியது. இவர்கள் தண்ணீர் ஊற்றிய நேரத்தைப் பற்றிக் கதை அளக்கிறார்கள்.

எனது கருத்து 5 மண்ணின் ஆழத்தைப் பற்றியது. படத்தைப் பற்றிப் பதில் வருகிறது.

எனது கருத்து 6, கணக்கிடும் முறையைப் பற்றியது. பதிலில் ஆழம்!

7, 8 இரண்டும் இதே லட்சணம்.

நான் கேட்டது எட்டுக் கேள்வி. இவர்கள் எழுதியிருப்பது ஒன்பது பதில். அதிகப்பிரசங்கித்தனம். மதிப்பீட்டாளரைக் கேலி செய்பவர்களிடம் பேசிப் பயனில்லை."

சித்தி முதலில் வழக்கம்போல மரியாதைக் குறைவான சொற்களுக்குக் கீழே கோடு போட்டாள். 'கதை அளக்கிறார்கள்', 'லட்சணம்', 'அதிகப்பிரசங்கித்தனம்'. மூன்றாவது கோடு போடும்போது கை நின்றது. எட்டுக் கேள்விக்கு யாராவது ஒன்பது பதில் எழுதுவார்களா? கேலி செய்ய வேண்டுமென்று மெனக்கெட்டு ஒரு பதிலைக் கூடுதலாகவா எழுதுவார்கள்?

மூன்று மாதத்துக்கு முந்தைய தன் பிரதியைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். நான்கு படம், ஐந்து ஆழம், ஆறு கணக்கிடும் முறை. அவர்களுடைய ஐந்தாவது பதில் படத்தைப் பற்றியது. ஆறாவது பதில் ஆழத்தைப் பற்றியது. சட்டைப் பொத்தானை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டால் கழுத்துவரை எல்லாம் தள்ளிப் போகுமே, அது போல நான்கிலிருந்து எல்லாம் ஒன்று தள்ளியிருந்தது. கேட்டதற்கெல்லாம் அவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். வேறு எண்ணுக்குக் கீழே சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தண்ணீர்? அவளுடைய எட்டில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை. அவர்களாக எதற்குத் தண்ணீரைப் பற்றி எழுத வேண்டும்?

சித்திக்குப் பதினேழு ஞாபகம் வந்தது.

போனைப் போட்டாள். "சார், முதல் ரிப்போர்ட்டை நான் குடுத்ததுக்கப்புறம் அதுல எதாவது சேர்த்தீங்களா?"

"எந்த ரிப்போர்ட்?"

"இதே பேப்பருக்கு, மூணு மாசம் முந்தி."

"ஞாபகம் இல்ல. இப்ப எதுக்கு அது? மொழியப் பாருங்க."

"நம்பர் ஒண்ணு தள்ளிப் போன மாதிரி இருக்கு சார். அவங்க பதிலை ஒரு தடவை..."

"மேடம், நான் லேப்ல இருக்கேன். அவங்க தப்புக்கு நீங்க வக்காலத்து வாங்காதீங்க. கமா, ஃபுல்ஸ்டாப். அவ்வளவுதான் உங்க வேலை." போனை வைத்துவிட்டார்.

சித்திக்குக் காது சூடாகிவிட்டது. எதிர் மேஜையில் இருந்த அலுவலக மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்ன நம்பர் அக்கா, புழு நெளியுதா?"

"சும்மா இருங்க நீங்க. ஒருத்தரோட பேப்பர் போகப்போகுது. இவர் கேள்விய இவரே தப்பா எண்ணிட்டு அவங்களக் கழுத்தறுக்கிறாரு."

"உங்களுக்கு அந்த ஒருத்தர் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அவங்களுக்கு உங்களத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்?"

"அப்புறம் என்னக்கா? அவர் சொன்ன மாதிரி கமாவப் போட்டு அனுப்புங்க. மூணு மணிக்கு டைரக்டர் லெட்டர் வேணும். தலைக்கு மேல வேலை கெடக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் சித்திக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒழுங்காகக் கமா போட்டு, 'கேலி' என்பதை 'ஏமாற்றமளிக்கிறது' என்று மாற்றி, எண்களை அழகாக வரிசைப்படுத்தி அனுப்பலாம். அறிக்கை கண்ணியமாக இருக்கும். குறிப்பாகவும் இருக்கும். முழுப் பொய்யாகவும் இருக்கும். யாரோ ஒருவருடைய இரண்டு மூன்று வருட உழைப்பு அந்தக் கண்ணியமான தாளோடு குப்பைக்குப் போகும். ஏன் போனது என்று அவருக்குக் கடைசிவரை புரியாது.

டைரக்டரின் கடிதத்தை அவசரமாக முடித்தாள். மூன்று பத்துக்கு எழுந்தாள். தன் பழைய பிரதியை அச்செடுத்துக்கொண்டு, மைதானத்தைக் குறுக்காகத் தாண்டி ஆய்வுக்கூடக் கட்டடத்துக்கு நடந்தாள். வெயிலில் தாள் கண்ணைக் கூசச் செய்தது. அங்கே போனால், வாசலில் இருந்த உதவியாளர் சார் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள். மூன்றரை. மூன்று நாற்பது. எழுந்து தண்ணீர் குடித்தாள். மறுபடி உட்கார்ந்தாள். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் வந்தார்.

"முடிச்சிட்டீங்களா?"

"இல்ல சார். ஒரே ஒரு விஷயம் பாக்கணும்."

"போன்ல சொன்னனே!" அவர் உள்ளே போய்க் கையுறை மாட்டிக்கொண்டு, மண் தட்டு ஒன்றைக் கிளற ஆரம்பித்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சித்தி தட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். "சார், இது நான் குடுத்த எட்டு. இதுல தண்ணியே இல்ல. ஆனா அவங்க நாலாவது பதில் தண்ணியப் பத்தின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எங்கேயிருந்து வந்துச்சு?"

"அதான் கேக்கறேன், எங்கேயிருந்து வந்துச்சு? கிறுக்குத்தனம்."

"நீங்க கடைசியா அனுப்பினது இதழோட பக்கத்துல இருக்கும். திறந்து பாருங்க. நான் பாக்கல, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். நீங்க மட்டும் பாருங்க. எத்தனை மூணு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"எத்தனை மூணா? ஒரு ரிப்போர்ட்ல எத்தனை மூணும்மா இருக்கும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன் சார்."

அவர் கையுறையைக் கழற்றி மேஜை மேல் எறிந்தார். கணினியில் உட்கார்ந்தார். கடவுச்சொல் தப்பாகப் போனது. மறுபடி அடித்தார். சித்தி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு சைக்கிள் ஸ்டாண்டு மட்டும். அதில் பதினொரு சைக்கிள்கள் நின்றன. இரண்டு முறை எண்ணினாள்.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது.

"ரெண்டு இருக்கு," என்றார்.

விஷயம் இதுதான். சித்தி கொடுத்த பிறகு, தண்ணீர் எந்த நேரத்தில் ஊற்றினார்கள் என்று கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மூன்றாவது கருத்தை அப்படியே பிரதி எடுத்துக் கீழே ஒட்டி, உள்ளே இருந்ததை அழித்துவிட்டுத் தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் இருந்த மூன்று அப்படியே நின்றுவிட்டது. கணினி தானாகப் போட்ட எண்ணாக இருந்திருந்தால் தானாகவே நான்கு ஆகியிருக்கும். சித்தி கையால் போட்ட எண் என்பதால் எங்கும் போகவில்லை. தன் கெட்டிக்காரத்தனமும் இதில் ஒரு பங்கு என்பது சித்திக்கு அந்த நொடியில் உறைத்தது.

புழு சார் திரும்பினார். "சரி, மூணு ரெண்டு தடவை இருக்கு. அவங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, நம்பர் மாறியிருக்குன்னு?"

"அவங்க பதிலோட முதல் பத்தியப் படிச்சீங்களா சார்?"

"அதுல என்ன இருக்கப் போகுது? நன்றி, வணக்கம், மேலான கருத்துக்கு மிக்க மகிழ்ச்சின்னு இருக்கும். அதையெல்லாம் யாரு படிக்கிறா? கார்ல போகும்போது போன்ல பாத்தேன்." சொல்லிக்கொண்டே படித்தார். உதடு அசைந்தது. நின்றது. பிறகு, அவரை அறியாமல் சத்தமாகவே வாசித்தார். "மூன்று என்ற எண் இருமுறை வந்திருப்பதால், கருத்துகளை ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக எண்ணிப் பதில் எழுதியுள்ளோம்."

சித்தி மேஜையின் மறுபக்கம் வந்து தன் தாளை விரித்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மென்று விழுங்கினாள். மணி நான்கு பதினைந்து.

அதற்கப்புறம் நாற்பது நிமிடத்துக்குக் குறைவான நேரத்தில் இருவரும் வேலை பார்த்தார்கள். வேலை என்பதைவிட மல்யுத்தம் என்று சொல்லலாம். அவர் திரையில் கட்டுரையையும் பதிலையும் பார்ப்பார். சித்தி மேஜையின் மறுபக்கம் தன் பிரதியோடு உட்கார்ந்து எண் எண்ணாகக் கேட்பாள்.

"உங்க நாலு, அவங்க அஞ்சு. படத்துல அலகு போட்டுட்டாங்களா?"

"...போட்டுட்டாங்க."

"அப்ப அதை எடுத்துடலாம். உங்க அஞ்சு, அவங்க ஆறு. ஆழம்?"

"இருக்கு. இருபது சென்டிமீட்டர்னு பக்கம் ஏழுல எழுதியிருக்காங்க." திடீரென்று நிமிர்ந்தார். "ஆனா அட்டவணை ஒண்ணுல பதினஞ்சுன்னு இருக்கு! பாத்தீங்களா? நான் சொன்னனே, இவங்களுக்கு..."

"பக்கம் ஏழு, எந்த வரி சார்?"

"நூத்தி நாப்பது."

சித்தி எழுதினாள்: "பக்கம் 7, வரி 140இல் ஆழம் 20 செ.மீ. என்றும், அட்டவணை 1இல் 15 செ.மீ. என்றும் உள்ளது. எது சரி என்று பார்த்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டுகிறேன்." வாசித்துக் காட்டினாள். "சரியா சார்? கருத்து மாறலையே?"

"'கவனக்குறைவு'ன்னு ஒரு வார்த்தை சேருங்க."

"யாரோட கவனக்குறைவு சார்?"

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "வேணாம் விடுங்க," என்றார்.

இப்படியே போனது. கணக்கிடும் முறைக்குக் காரணம் சொல்லியிருந்தார்கள். முடிவுரையைக் குறைத்துத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு வாக்கியம் மட்டும், பக்கம் பதினைந்தில், இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசியது. மேற்கோள் பட்டியலில் வருடங்களைத் திருத்தியிருந்தார்கள். அதுதான் அந்த 'அதிகப்பிரசங்கி' ஒன்பதாவது பதில். கடைசியில் நிராகரிக்கச் சொன்ன ஒரு பக்க அறிக்கையில் மிஞ்சியது இரண்டே கருத்துகள். இரண்டுக்கும் சித்தி, எந்த எண்ணைச் சொல்கிறோம் என்று அடைப்புக்குள் எழுதினாள்: முதல் அறிக்கையின் கருத்து 5, கட்டுரையாளர்களின் பதில் 6. முதல் அறிக்கையின் கருத்து 7, கட்டுரையாளர்களின் பதில் 8.

"இன்னொரு வரி வேணும் சார். முதல் அறிக்கையில மூணு ரெண்டு தடவை வந்ததுக்கு வருந்துறேன்னு."

"அதெல்லாம் எதுக்கு?"

"எடிட்டருக்கும் குழம்பக்கூடாதுல்ல?"

"எடிட்டருக்குத் தனிப்பெட்டியில நான் எழுதிக்கறேன். அவங்களுக்கு வேணாம்."

"குழப்பம் பட்டது அவங்கதானே சார்?"

"வேணாம்னா வேணாம்." குரல் ஏறியது. அது கருத்து; கருத்தை அவள் தொடக்கூடாது. அது அவளே போட்டுக்கொண்ட சட்டம். பேனாவை மூடினாள். எழுதியவர்களுக்கு அந்த ஒரு வரி போகவில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் சித்தியின் முகம் இன்றும் சுருங்கும்.

பரிந்துரை 'சிறு திருத்தம்' என்று மாறியது. நான்கு ஐம்பத்திரண்டுக்கு அவர் பெட்டியில் ஒட்டினார். "ஒட்டின பிறகு எண் சரியா இருக்கா சார்?" "ஒண்ணு, ரெண்டு. இருக்கு." அனுப்பும் பொத்தானை அமுக்கினார். நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சித்தி தன் தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே போனபோது அவர் கூப்பிட்டார்.

ஒரு நன்றி வரப்போகிறது என்று அவள் நினைத்தாளாம். பாவம்.

"மேடம், அடுத்த தடவை நம்பரைக் கொஞ்சம் ஒழுங்காப் போட்டுக் குடுங்க."

வீட்டுக்கு வந்த சித்தி அன்று இரண்டு செருப்பையும் எறிந்தாள். சித்தப்பா எழுந்திருக்கவே இல்லை. "முழு ஜோடியா இன்னிக்கு? அப்ப விஷயம் பெரிசு," என்றார்.

"நான் ஒழுங்காப் போடணுமாம்! நான்!"

"நல்லதுதான நடந்துச்சு? பேப்பர் பொழச்சிடுச்சில்ல?"

"பொழச்சுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? யாருன்னும் தெரியாது, எங்கன்னும் தெரியாது, வந்துச்சா வரலையான்னும் தெரியாது. அவங்களுக்கு நான் இருக்கறதே தெரியாது. இதெல்லாம் ஒரு வேலையா?"

சித்தப்பா தட்டை எடுத்து வைத்தார். "லிஃப்ட் அறுந்து விழாத அன்னிக்கு எனக்கும் எவனும் போன் பண்ண மாட்டான்," என்றார். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சாப்பிட உட்கார்ந்தாள்.

மறுநாளே அவள் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தாள். இப்போது அவள் கையிலிருந்து போகும் ஒவ்வொரு அறிக்கையின் கடைசியிலும் ஒரு வரி இருக்கும்: "மொத்தக் கருத்துகள் 8, எண் 1 முதல் 8 வரை." பிறகு யாராவது நடுவில் எதையாவது செருகினால் அந்த வரி காட்டிக்கொடுத்துவிடும். புழு சார் அதைப் பார்த்து, "இது எதுக்கு தெண்டத்துக்கு?" என்றாராம். ஆனால் அழிக்கவில்லை. அவருடைய அறிக்கைகள் இன்னமும் "படங்கள் மோசம்" என்றுதான் வருகின்றன. சித்தி இன்னமும் "எந்தப் படம் சார்?" என்றுதான் கேட்கிறாள்.

நான் இதை எழுதிக் காட்டியபோது சித்தி பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எண்களை எல்லாம் சரிபார்த்துவிட்டு, "சரியா இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான் பாராட்டு. அச்செடுத்ததில் ஒன்றை ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய கேள்விக்குப் பதில் என்று.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது மற்றவர்களுடைய எழுத்தை மதிப்பிடுகிறவராக இருந்தால், இதை அவர்களுக்குக் கொடுங்கள். அந்த ஒன்பது பதில் எழுதியவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ தெரியாது. கைமாறிக் கைமாறி ஒருநாள் அவர்களிடமும் போய்ச் சேரலாம். போனால், அன்று விட்டுப்போன அந்த ஒரு வரியும் இதோடு சேர்ந்து போகட்டும்: உங்கள் எண்கள் சரிதான். தவறு எங்கள் பக்கம். வருந்துகிறோம்.